படிக்கட்டு அட்டவணையும் நான்கு கட்டங்களும்: இரண்டு ஆய்வு வடிவங்களை வாசித்த அனுபவம்

நாகர்கோவிலில் நர்ஸிங் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆய்வுக் கட்டுரை வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஒரு மாத்திரையைப் பரிசோதிக்கும் கட்டுரை என்றால் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். குலுக்கல் போட்டுப் பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை, கடைசியில் எண்ணிப் பார்ப்பது. மருத்துவமனை நடக்கும் முறையையே மாற்றிப் பார்க்கும் கட்டுரைகள் வரும்போதுதான் தட்டுத் தடுமாறுவார்கள். அவற்றில் ‘ஸ்டெப்டு வெட்ஜ்’ என்றோ ‘ஃபேக்டோரியல்’ என்றோ ஒரு சொல் வந்து நிற்கும். அதைத் தாண்டிக் குதித்து நேராக முடிவுரைக்குப் போய்விடுவார்கள். அப்படிப் போனால் கட்டுரை சொன்னதற்கு நேர் எதிரான முடிவோடு திரும்பி வரவும் வாய்ப்பு உண்டு. அதை எங்களுக்குப் புரியவைத்த கட்டுரை பக்கத்து மாநிலத்துக் கட்டுரை.

கேரளத்தில் 63 மருத்துவமனைகளில் நடந்த ஏ.சி.எஸ். குயிக் ஆய்வைத்தான் சொல்கிறேன். 2018இல் ஜாமா இதழில் வந்தது. மாரடைப்போடு வருகிறவர்களைக் கவனிக்கும் முறையைச் சீராக்க ஒரு தொகுப்பை உருவாக்கினார்கள். உள்ளே சேர்க்கும்போதும் வீட்டுக்கு அனுப்பும்போதும் பார்த்து டிக் செய்ய ஒரு பட்டியல், நோயாளிக்கு விளக்கக் குறிப்பு, மருத்துவமனைக்கு அதன் செயல்பாடு பற்றிய அறிக்கை, இவை போன்றவை அதில் அடக்கம். 30 நாளுக்குள் மரணம், மறுபடி மாரடைப்பு, பக்கவாதம், பெரிய ரத்தக்கசிவு இவற்றில் ஏதாவது ஒன்று நடந்ததா என்பதுதான் அளவுகோல். 2014 நவம்பர் முதல் 2016 நவம்பர் வரை 21,374 நோயாளிகள். மார்த்தாண்டத்திலிருந்தும் களியக்காவிளையிலிருந்தும் நெஞ்சுவலி என்றால் திருவனந்தபுரத்துக்கு வண்டி பிடிக்கிறவர்கள் நாம். அதனால் பிள்ளைகள் ஆர்வமாகவே வாசித்தார்கள்.

எண்களைப் பாருங்கள். பழைய முறையில் கவனிக்கப்பட்டவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு அந்தக் கெட்ட விளைவு. புதிய தொகுப்பு வந்தபின் 5.3 சதவீதம். வித்தியாசம் 1.09. உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வரம்பான நம்பக இடைவெளி 0.47 முதல் 1.72 வரை, எல்லாமே குறைந்த பக்கம்தான். வகுப்பில் எல்லோரும் ‘வேலை செய்கிறது’ என்று எழுதி வைத்தார்கள். அடுத்த வரியில், மருத்துவமனையையும் காலப்போக்கையும் கணக்கில் எடுத்துச் சரிசெய்தபின் வித்தியாசம் 0.09 என்று இருந்தது. இரண்டு பக்கத்து வாய்ப்புகளின் விகிதமான ஆட்ஸ் ரேஷியோ 0.98, இடைவெளி 0.80 முதல் 1.21 வரை. 1 என்றால் வித்தியாசமே இல்லை, அதுவும் இந்த இடைவெளிக்குள் இருக்கிறது. தொகுப்பால் பலன் கிடைத்தது என்று சொல்ல முடியவில்லை என்பதே கட்டுரையின் முடிவு.

“அப்போ ஒரு சதவீதம் எங்கே போச்சு, மேடம்?” என்று கேட்டாள் குளச்சல் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி.

“எங்கேயும் போகல்ல மக்களே, அது முதல்லயே தொகுப்போட கணக்கு இல்ல” என்று சொல்லிவிட்டுப் பலகையில் ஒரு கட்டம் போட்டேன். மருத்துவமனைகளை விட்டுவிட்டு நம் மாவட்டத்தையே எடுத்துக்கொண்டேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒன்பது ஊராட்சி ஒன்றியங்கள். மும்மூன்றாகச் சேர்த்தால் மூன்று குழு. ரத்த அழுத்த நோயாளிகள் மாதாமாதம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து மாத்திரை வாங்க வேண்டும், அதற்கு ஒரு புதிய நினைவூட்டு முறையைக் கொண்டுவருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எல்லா ஒன்றியத்திலும் ஒரே நாளில் தொடங்கப் பயிற்சி கொடுக்க ஆள் இல்லை. அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு குழு சேரும். எந்தக் குழு எப்போது சேரும் என்பதைக் குலுக்கல் சொல்லும். 0 என்றால் பழைய முறை, 1 என்றால் புதிய முறை.

```
         கா1  கா2  கா3  கா4
குழு 1    0    1    1    1
குழு 2    0    0    1    1
குழு 3    0    0    0    1
```

கா என்பது காலாண்டு. 1 இருக்கும் இடங்களை மட்டும் பார்த்தால் படிக்கட்டு தெரியும். இதுதான் ஸ்டெப்டு வெட்ஜ். கேரள ஆய்வின் வடிவமும் இதுவே. ஒருமுறை புதிய முறைக்கு மாறிய குழு திரும்பப் பழையதுக்குப் போகாது. கடைசிக் காலாண்டில் எல்லோரும் புதிய முறையில்தான் இருப்பார்கள்.

இனி, அந்தப் புதிய முறையால் ஒரு பயனும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதே வருடத்தில் வேறு ஒரு காரணத்தால், வீடு தேடி வந்து ரத்த அழுத்தம் பார்க்கும் திட்டம் சூடுபிடித்ததால் என்று வைத்துக்கொள்வோம், மாவட்டம் முழுக்க மாத்திரை வாங்க வருவோர் மெல்ல மெல்லக் கூடுகிறார்கள். முதல் காலாண்டில் நூற்றுக்கு 50 பேர், பிறகு 55, 60, 65. மூன்று குழுவிலும் ஒரே எண்தான். இதைக் கட்டத்தில் நிரப்பி 0 உள்ள ஆறு இடங்களையும் கூட்டுங்கள். முதல் காலாண்டில் மூன்று 50, இரண்டாவதில் இரண்டு 55, மூன்றாவதில் ஒரு 60. மொத்தம் 320, சராசரி 53.3. 1 உள்ள ஆறு இடங்களில் ஒரு 55, இரண்டு 60, மூன்று 65. மொத்தம் 370, சராசரி 61.7. ஒன்றுமே செய்யாத ஒரு முறைக்கு எட்டுக்கு மேல் பலன் கிடைத்துவிட்டது!

காரணம் கட்டத்தின் வடிவத்திலேயே இருக்கிறது. 0 எல்லாம் இடது பக்கம், அதாவது பழைய நாட்களில் குவிந்திருக்கிறது. 1 எல்லாம் வலது பக்கம், பிந்திய நாட்களில். காலத்தோடு எது கூடினாலும் குறைந்தாலும் அது புதிய முறையின் பெயரில் வரவாகிவிடும். குலுக்கல் போட்டதால் இது சரியாகிவிடாது. குலுக்கல் தீர்மானிப்பது எந்தக் குழு எப்போது மாறும் என்பதை மட்டும்தான். பழையது முன்னால், புதியது பின்னால் என்ற வரிசை குலுக்கலுக்கு முன்பே முடிவாகிவிட்டது.

சரி, உண்மையான பலனை எங்கே தேடுவது? கட்டத்தை மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். இரண்டாவது காலாண்டை மட்டும் எடுங்கள். குழு 1 புதிய முறையில், மற்ற இரண்டும் பழையதில். மூன்றுக்கும் காலம் ஒன்றே. 55, 55, 55. வித்தியாசம் பூஜ்யம். மூன்றாவது காலாண்டிலும் அப்படியே. முதல் காலாண்டில் எல்லாம் 0, கடைசியில் எல்லாம் 1 என்பதால் அந்த இரண்டு காலாண்டிலும் மேல்-கீழ் ஒப்பீட்டுக்கு இடமே இல்லை. நோயாளிகள் எத்தனை ஆயிரம் பேர் என்று கட்டுரை சொன்னாலும், ஒரே காலத்தில் இரண்டு முறையும் பக்கம்பக்கமாக இருந்த நடுக் கட்டங்களில்தான் நேரான ஒப்பீடு இருக்கிறது. மற்றதெல்லாம் புள்ளியியல் மாதிரியின் உதவியோடு வருவது. அந்தப் புள்ளியியல் மாதிரி ஒவ்வொரு குழுவையும் அதனுடைய பழைய நிலையோடும் ஒப்பிடும், ஆனால் அதற்குமுன் காலத்தின் பங்கை மதிப்பிட்டுக் கழித்துவிடும். 2007இல் ஹஸ்ஸி, ஹியூஸ் இருவரும் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தக் கணக்கு பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது.

கேரள ஆய்வில் 1.09 சுருங்கி 0.09 ஆனதும் இதனால்தான். அந்த இரண்டு வருடத்தில் காலத்தோடு வந்த மாற்றமும், எந்த மருத்துவமனையிலிருந்து எத்தனை பேர் எந்தப் பக்கம் விழுந்தார்கள் என்பதும் சேர்ந்து அந்தச் சரிசெய்யாத எண்ணை உண்டாக்கியிருக்கின்றன. அதை எழுதியவர்கள் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஸ்டெப்டு வெட்ஜ் கட்டுரை எது கையில் வந்தாலும் நான் முதலில் தேடுவது காலத்துக்குச் சரிசெய்த எண்ணைத்தான். அது இல்லாமல் முன்-பின் சதவீதம் மட்டும் இருந்தால், குலுக்கல் என்று தலைப்பில் போட்டிருந்தாலும், அதைச் சாதாரண முன்-பின் ஒப்பீடாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். அடுத்து வந்த சிக்கலை நம் மாவட்டத்துக்காரியான அந்த மாணவிதான் கண்டுபிடித்தாள். அவளுடைய ஆய்வே மீனவர் ஊர்களில் ரத்த அழுத்த மாத்திரை பற்றியது. திட்டம் எழுதுவதற்காகக் கடலோரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றின் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவள், ஆண்களின் பெயருக்கு நேரே விரலை ஓட்டிக் காட்டினாள். பல மாதம் வெறுமையாகக் கிடந்த கட்டங்கள் ஜூனிலும் ஜூலையிலும் வரிசையாக நிரம்பியிருந்தன.

“தடைக்காலம் மேடம். போட்டு கரையில கிடக்கும், ஆளு வீட்டில இருக்கும்.”

மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் இந்தக் கணக்கில் வரும். ஆனால் சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு. அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டம், ஒரே வேலை, ஆனால் ஆண்கள் கரையில் இருக்கும் மாதங்கள் வேறு. வழக்கமான ஸ்டெப்டு வெட்ஜ் கணக்கு காலம் எல்லாக் குழுவையும் ஒரே மாதிரி பாதிக்கிறது என்ற அனுமானத்தில் நிற்கிறது. நம் கடற்கரையில் அந்த அனுமானம் நிற்காது.

என்ன ஆகும் என்று சேர்ந்து யோசித்தோம். இரண்டாவது காலாண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். குலுக்கலில் முதலில் மாறும் குழுவாகக் கிழக்குப் பக்கத்து ஊர்கள் வந்துவிடுகின்றன. அவர்களுடைய 61 நாள் தடையும் முழுசாக அந்தக் காலாண்டுக்குள் விழும். ஒப்பிட வேண்டிய மேற்குப் பக்கத்தினருக்கு அதில் 30 நாள்தான். கிழக்கே பதிவேடு நிரம்பும், மேற்கே பாதி ஆள் கடலில். மேலிருந்து கீழாக ஒப்பிட்டாலும் பொய்யான பலன் தெரியும். நூறு ஊர்கள் இருந்தால் குலுக்கல் இதைச் சமப்படுத்திவிடும். சுகாதாரச் சேவை ஆய்வுகளில் கிளஸ்டர்கள், அதாவது மொத்தமாகக் குலுக்கலில் போடப்படும் ஊர்களோ மருத்துவமனைகளோ, பெரும்பாலும் பத்தோ இருபதோதான். அவ்வளவு குறைவான எண்ணிக்கையில் குலுக்கல் ஒரு பக்கம் சாய்ந்து விழுவது சாதாரணம்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது போன்ற ஒன்று நடுவில் நுழைந்தாலும் இதே கதைதான். புயல் பாதித்த ஊரும் பாதிக்காத ஊரும் ஒரே ‘காலம்’ என்ற வரிசையில் நிற்கும்.

இதற்குத் தீர்வு இருக்கிறது, பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். கிழக்கு, மேற்கு, உள்நாடு என்று முதலிலேயே பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் தனித்தனியாகக் குலுக்கல் போட வேண்டும். கணக்கிலும் ஒவ்வொரு பிரிவுக்கும் தனிக் காலப்போக்கு விட வேண்டும். கட்டுரை வாசிக்கிறவர்களுக்கு இதிலிருந்து கிடைக்கும் கேள்வி இது: கிளஸ்டர்கள் எத்தனை, அவை எங்கெங்கே இருக்கின்றன, ஆய்வு நடந்த மாதங்களில் அவற்றில் சிலவற்றுக்கு மட்டும் வேறு ஏதாவது நடந்ததா? ஊர் தெரிந்தவர்கள் இதை அட்டவணையில் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். தூரத்தில் இருக்கும் புள்ளியியலாளருக்குச் சின்னமுட்டத்துத் தடைக்காலம் தெரிய வழியில்லை.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டத்தில் 0 அடுத்த இடத்திலேயே 1 ஆகிவிடுகிறது. நிஜத்தில் பயிற்சி முடிந்து, பட்டியல் அச்சாகி வந்து, ஆட்கள் பழக்கப்பட மாதங்கள் ஆகும். பலன் மெல்ல ஏறும் வகை என்றால், மாறிய உடனே முழுப் பலன் என்று எண்ணும் கணக்கு உண்மையைக் குறைத்தோ திரித்தோ காட்டும். நல்ல கட்டுரைகள் மாறுகிற காலத்தைத் தனியாக ஒதுக்கியிருப்பார்கள், அல்லது மாறி எத்தனை மாதம் ஆயிற்று என்பதையும் கணக்கில் சேர்த்திருப்பார்கள்.

‘எல்லோருக்கும் கடைசியில் கிடைத்துவிடும், அதனால் இந்த வடிவமே நியாயமானது’ என்று பல கட்டுரைகளில் எழுதியிருப்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பலன் உறுதி என்றால் கடைசிக் குழுவை ஏன் காக்க வைக்க வேண்டும்? உறுதி இல்லை என்றால் எல்லோருக்கும் ஏன் கொடுக்க வேண்டும்? ஒரே நேரத்தில் கொடுக்க முடியவில்லை என்பதுதான் ஒழுங்கான காரணம். 1986இல் காம்பியாவில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை நாடு முழுக்க ஒரே நாளில் தொடங்க முடியாமல் பகுதி பகுதியாக நான்கு வருடத்தில் கொண்டுபோனார்கள். எந்தப் பகுதி எப்போது என்பதைக் குலுக்கலுக்கு விட்டார்கள். அது கல்லீரல் புற்றுநோயைத் தடுக்கிறதா என்று பார்ப்பதற்கான ஆய்வு. இந்த வடிவத்துக்குச் சரியான இடம் அது.

அப்புறம் ஃபேக்டோரியலுக்கு வருகிறேன். மாணவியின் கையில் உண்மையில் இரண்டு யோசனைகள் இருந்தன. ஒன்று, மாத்திரை தீரும் முன் வீட்டுக்கு ஒரு போன். இன்னொன்று, கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு மாத மாத்திரைக்குப் பதிலாக இரண்டு மாத மாத்திரை. இரண்டையும் ஒரே ஆய்வில் பார்க்கலாமே என்று கேட்டாள். அதற்கு நான் எடுத்துக் கொடுத்தது 1988இல் லான்செட்டில் வந்த ஐசிஸ்-2. இதுவும் மாரடைப்புதான். 17,187 பேர். ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி, ஆஸ்பிரின் மாத்திரை இரண்டையும் ஒரே நேரத்தில் பரிசோதித்தார்கள். இரண்டும் இல்லாத குழு, ஊசி மட்டும், ஆஸ்பிரின் மட்டும், இரண்டும் பெற்ற குழு என்று நான்கு கட்டம். ஐந்து வாரத்தில் இதய, ரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தவர்கள் முறையே 13.2, 10.4, 10.7, 8.0 சதவீதம்.

இதன் அழகு என்னவென்றால் ஒவ்வொரு நோயாளியும் இரண்டு கேள்விக்கும் உதவுகிறார். ஊசியின் பலனைப் பார்க்க, ஊசி போட்ட இரண்டு கட்டத்தையும் சேர்த்துப் போடாத இரண்டு கட்டத்தோடு ஒப்பிட்டார்கள்: 9.2க்கு 12.0. ஆஸ்பிரினுக்கும் அதே ஆட்களை வேறு விதமாகச் சேர்த்தார்கள்: 9.4க்கு 11.8. ஆட்ஸ் கணக்கில் ஊசி 25 சதவீதமும் ஆஸ்பிரின் 23 சதவீதமும் குறைத்தன. ஒன்றையொன்று தொந்தரவு செய்யாவிட்டால் இரண்டும் சேரும்போது 0.75ஐ 0.77ஆல் பெருக்கிய அளவு மிஞ்ச வேண்டும், அதாவது ஏறக்குறைய 0.58. கட்டுரையில் இரண்டும் பெற்றவர்களுக்கு 42 சதவீதக் குறைவு. பொருந்துகிறது. அதனால் அங்கே சேர்த்துப் பார்த்தது சரி.

மாணவியின் யோசனைக்கு இது பொருந்துமா என்று பார்க்க எண்களை நாங்களே போட்டுப் பார்த்தோம். ஒன்றும் இல்லாவிட்டால் மாத்திரை விடாமல் எடுக்கிறவர்கள் நூற்றுக்கு 50 என்று வைத்துக்கொள்வோம். போன் மட்டும் என்றால் 60. இரண்டு மாத மாத்திரை மட்டும் என்றால் 70. இரண்டும் சேர்ந்தால்? மாத்திரை ஏற்கெனவே படகில் இருக்கும்போது ‘வந்து வாங்கிக்கொள்ளுங்கள்’ என்ற போனுக்குப் பெரிதாக வேலை இல்லை. 72 என்று போட்டோம். இனி ஐசிஸ்-2 போலச் சேர்த்துப் பார்த்தால் போனின் பலன் 10க்கும் 2க்கும் நடுவே 6. ஆனால் அந்த 6 எந்த மனிதருக்கும் கிடைக்காத பலன். ஒரு மாத மாத்திரைக்காரருக்கு 10, இரண்டு மாதக்காரருக்கு 2. மாவட்ட அலுவலகத்தில் யாராவது அந்த 6ஐ நம்பி இரண்டையும் சேர்த்து நடத்தினால் போன் பேச வைத்த ஆளின் நேரம் பெரும்பாலும் வீண்தான்.

ஆகவே ஃபேக்டோரியல் கட்டுரையில் சேர்த்த எண்ணோடு நின்றுவிடக் கூடாது, நான்கு கட்டத்தின் எண்களும் தனித்தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றின் பலனை இன்னொன்று கூட்டுவதோ குறைப்பதோதான் இடைவினை. ‘இடைவினை எதுவும் புள்ளியியல் ரீதியாகத் தெரியவில்லை’ என்ற வரியையும் நிதானமாக வாசிக்க வேண்டும். பிரதான பலனின் அளவே உள்ள ஓர் இடைவினையைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ நான்கு மடங்கு ஆட்கள் தேவை. பிரதான பலனுக்கென்று மட்டும் ஆள் சேர்த்த ஆய்வில் இடைவினை தெரியாமல் போவதில் வியப்பில்லை. இல்லை என்பதற்கு அது சாட்சி ஆகாது.

இரண்டு யோசனையும் ஒன்றையொன்று தொடும் என்று முன்பே தெரிந்திருக்கும்போது, நான்கு மடங்கு ஆள் சேர்க்க ஒரு எம்.எஸ்சி. மாணவியால் முடியாது. அவள் ‘இரண்டும் சேர்ந்த’ கட்டத்தை எடுத்துவிட்டாள். இப்போது அவளுடைய திட்டத்தில் மூன்று குழு இருக்கிறது: வழக்கம்போல், போன், இரண்டு மாத மாத்திரை. கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் தனித்தனிக் குலுக்கல். மாத்திரை வாங்க வந்த வருகையை எண்ணினால் இரண்டு மாதம் வாங்கியவர் பாதிதான் வந்ததாகத் தெரியும் என்பதால், அளவுகோலை ஆறாம் மாத ரத்த அழுத்தம் என்று மாற்றிக்கொண்டாள். அந்த ஆறாம் மாதம் எந்தக் கரைக்கும் தடைக்காலத்தில் வந்து விழாதபடி தொடங்கும் தேதியைத்தான் இப்போது நாட்காட்டியை வைத்துக்கொண்டு தேடிக்கொண்டிருக்கிறோம்.